சுக்கான் சக்கரமும் தர்மச்சக்கரமும்: 'அடிப்படைவாதம்' என்று எதைச் சொல்கிறோம்?

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு 'அடிப்படைவாதம்' என்ற சொல் நம்ம நாட்டில் ஒரே ஒரு மதத்துக்குச் சொந்தமாகிவிட்டது. டீவி செய்தியில், பஸ்ஸில், தேத்தண்ணிக் கடையில் யாராவது 'அடிப்படைவாதிகள்' என்றால் அது முஸ்லிம்களைத்தான். நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் இருந்து கலைப்பீடத்துக்கு வந்த நாங்கள் நாலு பேர், சமூகவியல் பாடத்தில் இந்தச் சொல்லைப் படிக்கும்போது முதலில் கேட்டதே இதைத்தான்: புத்தகத்தில் இருக்கிற அடிப்படைவாதமும் பஸ்ஸில் பேசுகிற அடிப்படைவாதமும் ஒன்றா? ஒன்று இல்லை என்றால், நடுவில் யார் மாட்டிக்கொள்கிறார்கள்?

மாட்டிக்கொண்ட ஒருவரில் இருந்தே தொடங்கலாம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 260க்கும் மேற்பட்டோர் இறந்து மூன்று வாரம் கழித்து, மே 13ஆம் திகதி குருநாகல், கம்பஹா பக்கங்களில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதற்கு நாலு நாளைக்குப் பிறகு, மே 17ஆம் திகதி, ஹசலக பொலிஸார் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைதுசெய்தார்கள். அவர் போட்டிருந்த உடுப்பில் சக்கரம் அச்சடித்திருந்தது. அது பௌத்த தர்மச்சக்கரம் என்பது குற்றச்சாட்டு. அது கப்பல் ஓட்டுகிற சுக்கான் சக்கரம். ஹசலக கண்டி மாவட்டம்தான், ஆனால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது நம்ம பதுளை மாவட்டத்தில் இருக்கிற மகியங்கனை நீதவான் முன்னால். வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க 2007இல் கொண்டுவந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தை அவர் மேல் போட்டார்கள். ஜூன் 3ஆம் திகதி வரை அவர் விளக்கமறியலில் இருந்தார். சிறுபான்மையினரைக் காப்பாற்ற வேண்டிய சட்டம் அது என்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

இந்தச் சம்பவத்தில் அடிப்படைவாதம் எங்கே இருக்கிறது? உடுப்புப் போட்ட அந்தப் பெண்ணிடமா, அதைப் பார்த்துப் பொலிஸுக்குச் சொன்னவர்களிடமா, அல்லது இரண்டு பக்கமும் இல்லையா? பாடத்தில் படித்ததை வைத்து இதைப் பார்க்கலாம்.

சொல்லின் பிறப்பு அமெரிக்காவில். 1910இல் இருந்து 1915 வரை அங்கே சில புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள் 'த ஃபண்டமென்டல்ஸ்' என்ற பெயரில் 12 சிறுநூல்கள் வெளியிட்டார்கள். பைபிளில் பிழையே கிடையாது, கன்னி மரியாளுக்குப் பிறந்தது, உயிர்த்தெழுந்தது எல்லாம் அப்படியே உண்மை, நவீன விமர்சனத்துக்கு வளைந்து கொடுக்க மாட்டோம் என்பதுதான் சாரம். 1920இல் கர்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர், இந்த அடிப்படைகளுக்காகப் போராடத் தயாரானவர்களுக்கு 'ஃபண்டமென்டலிஸ்ட்' என்று பெயர் வைத்தார். திட்டுவதற்கு வைத்த பெயர் இல்லை. தன் ஆட்களுக்குப் பெருமையாக வைத்த பெயர். ஆகவே ஆரம்ப அர்த்தத்தில் அடிப்படைவாதி என்றால், ஒரு புனித நூலை அது சொல்கிறபடியே பிடித்துக்கொள்கிறவர். குண்டு, நாடு, ஆட்சி எதுவும் அந்த அர்த்தத்துக்குள் இல்லை.

இந்தச் சொல்லை உலகம் முழுவதற்கும் நீட்டியது சிக்காகோவில் நடந்த பெரிய ஆய்வுத் திட்டம். மார்ட்டின் மார்ட்டி, ஸ்கொட் அப்பிள்பி இருவரும் நடத்தினார்கள். 1991இல் இருந்து 1995 வரை ஐந்து தடிப் புத்தகங்கள் வந்தன. அந்தப் புத்தகத்தைப் பார்த்து பீட்டர் பேர்கர் நக்கலாக எழுதியிருக்கிறார்: மதத்தில் தீவிரமாக இருக்கிற மனிதர்கள் உலகத்தில் ஒன்றும் புதுசு இல்லை, அதைப் பார்த்து ஆச்சரியப்படுகிற பேராசிரியர்களைத்தான் ஆராய வேண்டும் என்ற மாதிரி. எங்களுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்தது. ஆனால் திட்டத்தில் வேலைக்கு உதவுகிற ஒன்று இருக்கிறது. ஐந்தாவது புத்தகத்தில் ஆமண்ட், சிவன், அப்பிள்பி மூவரும் ஒன்பது அடையாளங்களைச் சொல்கிறார்கள். மதம் ஓரங்கட்டப்படுவதற்கு எதிர்வினை காட்டுவது, மரபில் சிலதை மட்டும் பொறுக்கி எடுப்பது, உலகத்தை நல்லது கெட்டது என்று இரண்டாகப் பிரிப்பது, உள்ளே இருக்கிறவர்களுக்கும் வெளியே இருக்கிறவர்களுக்கும் நடுவில் கூர்மையான கோடு போடுவது இப்படிப் போகும். அதில் முக்கியமான ஒன்று, நூல் பிழையே இல்லாதது என்ற நம்பிக்கை.

இலங்கையின் சிங்கள பௌத்த இயக்கங்களை இந்த அளவுகோலில் வைத்தால் ஒரு விசித்திரம் வருகிறது. கோடு போடுவது இருக்கிறது, எதிர்வினை இருக்கிறது, பொறுக்கி எடுப்பது நிறையவே இருக்கிறது. நூல் பிழையற்றது என்ற இடத்தில் மட்டும் ஒட்டமாட்டேன் என்கிறது. அதனால் அவர்களே இந்த மாதிரி இயக்கங்களை 'அடிப்படைவாதம் போன்றவை' என்று தனியாக வைத்தார்கள். மதத்தைவிட இனமும் பண்பாடும் இங்கே முன்னால் நிற்கிறது என்பது அவர்கள் கருத்து.

ஏன் ஒட்டவில்லை என்பதற்கு மகியங்கனையைவிட நல்ல உதாரணம் கிடையாது. மகாவம்சத்தின் முதல் அத்தியாயத்தில் புத்தர் இலங்கைக்கு வருகிறார். அவர் முதலில் வந்த இடம் மகியங்கனை. ஆற்றங்கரையில் இயக்கர்கள் கூடியிருக்கிறார்கள். புத்தர் ஆகாயத்தில் நின்று மழை, புயல், இருட்டு எல்லாவற்றையும் உண்டாக்கி அவர்களைப் பயமுறுத்துகிறார். உட்கார ஒரு தோல் விரிப்பு அளவு இடம் கேட்கிறார். கொடுத்ததும் விரிப்பு நாலு பக்கமும் நெருப்போடு பரந்து போகிறது. இயக்கர்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். கடைசியில் அவர்களை கிரிதீபம் என்ற வேறு தீவுக்கு அனுப்பிவிடுகிறார். தன் போதனை ஒளிவிடப்போகிற நாடு, அதனால் முதலில் துப்பரவாக்க வேண்டும் என்பது கதையின் காரணம். பிறகு துட்டகைமுனுவின் படையெடுப்பிலும் மகியங்கனை வருகிறது. அங்கே இருந்த சத்தன் என்ற தமிழனை அவன் தோற்கடிக்கிறான், தூபியைப் பெரிதாக்குகிறான்.

இப்போது கவனியுங்கள். புத்தர் இலங்கைக்கு வந்தார் என்ற கதை பாளி திரிபிடகத்தில் இல்லை. பௌத்தத்தின் புனித நூல் திரிபிடகம். மகாவம்சம் கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டு வாக்கில் அநுராதபுரத்துப் பிக்கு ஒருவர் எழுதிய வரலாற்றுக் காவியம். நூலுக்குத் திரும்பு என்று சொல்கிற அசல் அடிப்படைவாதி ஒருவர் பௌத்தத்தில் இருந்தால், அவர் மகாவம்சத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரிபிடகத்தைத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் பயமுறுத்தி ஆட்களை நாடுகடத்துகிற புத்தரை அவருக்குக் கண்டுபிடிப்பது கஷ்டம். இங்கே எரிகிற நெருப்புக்கு விறகு புனித நூலில் இருந்து வரவில்லை. நிலத்தைப் பற்றிய கதையில் இருந்து வருகிறது.

இதற்கு மறுப்பும் இருக்கிறது, அது லேசான மறுப்பு இல்லை. டெஸா பார்த்தலோமியஸ், சந்திரா டி சில்வா இருவரும் 1998இல் தொகுத்த புத்தகத்தின் பெயரிலேயே 'பௌத்த அடிப்படைவாதம்' என்று போட்டார்கள். நூல் என்றால் பைபிள் மாதிரித்தான் இருக்க வேண்டுமா, ஒரு கூட்டம் எதைக் கேள்வி கேட்காமல் ஏற்கிறதோ அதுதான் அதன் அடிப்படை, இங்கே அந்த இடத்தில் மகாவம்சம் இருக்கிறது என்பது அவர்கள் வாதத்தின் போக்கு. இன்னொரு பக்கம் கணநாத் ஒபேசேகர 1970இலேயே 'புரட்டஸ்தாந்து பௌத்தம்' என்ற சொல்லைத் தந்திருந்தார். 19ஆம் நூற்றாண்டு பௌத்த மறுமலர்ச்சி மிஷனரிகளை எதிர்த்தது, எதிர்த்துக்கொண்டே மிஷனரிகளின் வடிவத்தையும் வாங்கிக்கொண்டது என்பது அதன் இரட்டை அர்த்தம். அநகாரிக தர்மபால 1898இல் இல்லறத்தாருக்கு எழுதிய ஒழுக்கக் கையேட்டில் 22 தலைப்புகளில் 200 விதிகள் இருந்தன. எப்படிச் சாப்பிடுவது, எப்படி உடுத்துவது என்பது வரைக்கும். ஒன்பது அடையாளங்களில் 'நடத்தை விதிகள்' என்று ஒன்று வரும், அது இங்கே சரியாகவே பொருந்தும். ஆக அடிப்படைவாதம் என்ற சொல் இங்கே முழுக்கப் பிழை என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் ஹசலக சம்பவத்தை அது விளக்குமா? அந்தப் பெண்ணிடம் யாரும் நாலு உன்னத உண்மைகளைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் பௌத்தக் கோட்பாட்டை மறுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. 'எங்கள் நாட்டில் எங்கள் சின்னத்தை நீ எப்படிப் போடலாம்' என்பதுதான் கேள்வி. அது யாருடைய நாடு என்ற கேள்வி.

அங்கேதான் மார்க் ஜூர்கன்ஸ்மேயர் வருகிறார். 1993இல் வந்த அவருடைய புத்தகத்தில் அடிப்படைவாதம் என்ற சொல்லையே வேண்டாம் என்கிறார். அது திட்டுகிற சொல், விளக்குகிற சொல் இல்லை. கிறிஸ்தவத்தில் பிறந்த சொல்லை வேறு பண்பாடுகளுக்கு நீட்டினால் துல்லியம் போய்விடும். எல்லாவற்றையும்விட, அதற்குள் அரசியல் அர்த்தம் எதுவும் இல்லை. ஆட்களோ அரசைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே 'மதத் தேசியவாதம்' என்று சொல்லுங்கள் என்கிறார். மதம் தனியாள் நம்பிக்கையாக நிற்காமல், நாடு யாருடையது, அரசு யாருக்கு என்பதற்கு நியாயம் சொல்லும்போது அது மதத் தேசியவாதம். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையான இடம் கொடுத்து, அதைப் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது. 2004இல் ஜாதிக ஹெல உறுமயவில் இருந்து ஒன்பது பிக்குகள் பாராளுமன்றம் போனார்கள். 2012இல் தொடங்கிய பொதுபல சேனா அடுத்த வருஷமே ஹலால் இலச்சினைக்கு எதிராகக் கிளம்பி, ஜம்இய்யத்துல் உலமாவை உள்ளூர்ச் சந்தையில் அதைக் கைவிட வைத்தது. இதில் எதுவும் நிர்வாணத்தைப் பற்றியது இல்லை. ஸ்டான்லி தம்பையா 1992இல் 'பௌத்தம் காட்டிக்கொடுக்கப்பட்டதா?' என்ற புத்தகத்தில் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்: ஒரு மதத்தின் அறத்தைக் கழற்றி வைத்துவிட்டு அடையாளத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் மிச்சம் என்ன?

சரி, சொல் கிடைத்துவிட்டது என்று நிறுத்தலாமா? றோஜர்ஸ் புறூபேக்கர் 2012இல் எழுதிய கட்டுரை நிறுத்த விடாது. மதமும் தேசியமும் ஒன்றாக வருகிற எல்லா இடத்தையும் மதத் தேசியவாதம் என்று சொல்லிவிடாதீர்கள் என்பது அவர் எச்சரிக்கை. சில இடத்தில் மதம் வெறும் அடையாள அட்டை. யார் எந்த இனம் என்று காட்ட மட்டும் பயன்படும். சில இடத்தில்தான் மதமே வேலை செய்கிறது. இதை எப்படிப் பிரித்தறிவது? நாங்கள் மூன்று கூட்டங்களை வைத்துப் பார்த்தோம்.

முதலில் எங்க ஆட்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது அதில் மதம் ஒரு வார்த்தை கூட இல்லை. இந்துவும் போனார், கத்தோலிக்கரும் போனார். 1983 ஜூலையில் பதுளை எரிந்தபோதும் தமிழரில் யார் வேதக்காரர் என்று பார்த்து விடவில்லை. அது இனத்தின் மேல் வந்தது. இரண்டாவது, சிங்கள எவாஞ்சலிக்கல் சபைகள். 2003 டிசம்பரில் கங்கொடவில சோம தேரர் இறந்ததற்குப் பிறகு கிறிஸ்தவ ஜெப இடங்கள் வரிசையாகத் தாக்கப்பட்டன, அவற்றில் பலவற்றில் இருந்தவர்கள் சிங்களவர். மொழி அதே, இனம் அதே, மதம் மட்டும் வேறு. இங்கே மதம் அடையாள அட்டை இல்லை, மதமேதான் காரணம். மூன்றாவது, முஸ்லிம்கள். அவர்களுக்கு இங்கே மதமும் இனமும் ஒரே பெயரில் இருப்பதால் இரண்டில் எது வேலை செய்கிறது என்று பிரிப்பதே கஷ்டம். ஆகவே 'சிங்கள பௌத்தம்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறதில் இரண்டு இயந்திரம் இருக்கிறது. ஒரு சமயம் முதலாவது ஓடும், ஒரு சமயம் இரண்டாவது ஓடும், சில நேரம் சேர்ந்து ஓடும். எது ஓடுகிறது என்று தெரியாமல் பொதுவாக மதவாதம் என்று எழுதினால், எங்க தாத்தா பாட்டிக்கு 1948இல் நடந்தது அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

இதுவரைக்கும் மற்றவர்களைப் பற்றிப் பேசினோம். அளவுகோலை வீட்டுக்குள்ளும் கொண்டுபோக வேண்டும் இல்லையா?

எங்க பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பணிய லயத்து மாரியம்மன் கோயிலுக்கு ஆடித் திருவிழா வரும். கோயில் கமிட்டி ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவு என்று வரி போடும். ஒரு வருஷம் மூன்று குடும்பங்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். வரி தரமாட்டோம், பொங்கச் சோறு வாங்க மாட்டோம், சாமி முன்னுக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பாவம், வேதத்தில் எழுதியிருக்கிறது என்றார்கள். கமிட்டிக்காரர்களுக்குக் கோபம் வந்தது காசுக்காக இல்லை. 'நம்ம முப்பாட்டன் காட்டை வெட்டி வச்ச சாமி. இது இந்துத் தோட்டம். வேதத்துக்குப் போறவன் வேற எங்கயாச்சும் போய் இருக்கட்டும்' என்று ஒரு மாமா பெரட்டுக்களத்திலேயே சத்தம் போட்டார். பிறகு சாவு வீட்டுக்குப் போகிறதா இல்லையா, பொது மயானத்தில் இடம் விடுவதா என்பது வரைக்கும் பேச்சு வளர்ந்தது.

இதில் அடிப்படைவாதி யார்? 1920இன் அர்த்தப்படி பார்த்தால் சந்தேகமே இல்லை, அந்த மூன்று குடும்பங்கள்தான். நூல் பிழையற்றது, அதில் இருப்பதை அப்படியே செய்ய வேண்டும், உள்ளே வெளியே என்று கோடு. ஆனால் அவர்களுக்கு யாரையும் தோட்டத்தை விட்டுத் துரத்துகிற எண்ணம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பாட்டுப்பாட ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான். மாமாவிடமோ நூலே கிடையாது. ஆகமம் என்ன சொல்கிறது என்று கேட்டால் சிரிப்பார். எங்க மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் ஆகமத்துக்குள் அவ்வளவு லேசாக அடங்குகிற ஆட்களும் இல்லை. அதே கமிட்டிக்காரர்கள் கதிர்காமத்துக்குப் போய் சிங்களவரோடு ஒன்றாக வரிசையில் நிற்பார்கள். ஆனால் 'இது இந்துத் தோட்டம்' என்ற அந்த வாக்கியம் எந்தச் சாதியைச் சேர்ந்தது? இந்த இடம் இந்த மதத்துக்கு, மற்றவன் விருந்தாளி என்பது மகியங்கனைக் கதையின் சின்ன வடிவம்தான். ஆறு பேர்ச் நிலம் கூடச் சொந்தமில்லாத லயத்து மனிதரிடம் இருந்து அது வருவதுதான் எங்களை உறுத்துகிறது. சொந்தமில்லாத நிலத்துக்கு மதம் உறுதிப்பத்திரம் ஆகிறது. 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற அமைப்பு தொடங்கியதில் இருந்து இந்தப் பேச்சுக்கு மேடையும் கிடைத்திருக்கிறது. அங்கேயும் பேச்சு சைவ சித்தாந்தத்தைப் பற்றி இல்லை, மதமாற்றத்தையும் 'சைவ மண்ணை'யும் பற்றித்தான்.

மாமாவை மதத் தேசியவாதி என்று சொல்ல எங்களுக்கும் தயக்கம். தேசியவாதம் என்றால் பக்கத்தில் ஓர் அரசு இருக்க வேண்டும், அல்லது அரசைப் பிடிக்கிற ஆசை இருக்க வேண்டும். தோட்டத்துக் கமிட்டியிடம் பொலிஸும் இல்லை, நீதவானும் இல்லை. ஹசலகவில் ஒருவர் கோபப்பட்டதும் ஒரு பெண் இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். எங்க மாமா கோபப்பட்டபோது மூன்று குடும்பம் திருவிழாவுக்கு வரவில்லை. வித்தியாசம் கோபத்தின் அளவில் இல்லை. கோபத்துக்குப் பின்னால் எந்தச் சட்டப் புத்தகம் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

இதனால்தான் இரண்டு சொல்லையும் கலக்கக்கூடாது என்று நினைக்கிறோம். கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 மார்ச்சில் வந்த விதிமுறைகள் உதாரணம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், வன்முறைத் தீவிர மதச் சிந்தனை வைத்திருப்பவர்களைப் புனர்வாழ்வுக்கு அனுப்பலாம் என்றது அந்த வர்த்தமானி. அந்த வருஷம் ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. சிந்தனையை எப்படி அளப்பது? தாடியிலா, உடுப்பிலா, அலுமாரியில் இருக்கிற புத்தகத்திலா? நூலை அப்படியே பிடித்துக்கொள்கிறவர் எல்லாம் ஆபத்து என்று எடுத்தால், எங்க தோட்டத்து ஜெபக்கூட்ட ஆச்சியும் அந்தப் பட்டியலில் வருவார். நூலைப் பற்றிக் கவலையே இல்லாமல் 'இது எங்க நாடு' என்று மேடையில் கத்துகிறவர் வரமாட்டார்.

ஒரு கேள்வி எங்களுக்குள்ளேயே தீரவில்லை. எங்களில் ஒருத்தி சொல்கிறாள், ஸஹ்ரான் மாதிரி ஒருவரை மதத் தேசியவாதத்துக்குள் எப்படிப் போடுவது, அவருக்குத் தேசமே வேண்டாமே, கிலாபத் அல்லவா கேட்டார் என்று. அது நியாயம். புறூபேக்கரும் எல்லை தாண்டிய இஸ்லாமிய இயக்கங்களைத் தேசியவாதம் என்று சொல்வதற்குத் தயங்குகிறார். அப்படியென்றால் அங்கே அடிப்படைவாதம் என்ற சொல் திரும்பவும் வேண்டும் என்பது அவள் கட்சி. மற்றவர்கள், நூலுக்குத் திரும்பச் சொன்ன தௌஹீத்காரர்களில் மிகப் பெரும்பாலானோர் குண்டு கட்டவில்லை, ஆகவே அங்கேயும் நூல்பற்று மட்டும் காரணமாகாது என்கிறோம். அடுத்த வாரம் டியூட்டோரியலில் இதைத்தான் போட்டு அடிக்கப் போகிறோம்.